‘இதைப் பாருங்கள்’ என்று மெயில் வருகிறது, ‘இது’ மட்டும் வரவில்லை

கேள்வி: அலுவலகத்தில் அறிக்கைகளைச் சுருக்கித் திருத்திக் கொடுப்பது என் வேலை. போன வாரம் மேலாளர் இப்படி எழுதினார்: “மேலே உள்ளதை இரண்டு பக்கத்துக்குள் சுருக்கி, இதில் இருக்கும் அட்டவணையையும் புதுப்பித்துவிடுங்கள். நாளை மதியத்துக்குள் வேண்டும்.” மேலேயும் எதுவும் இல்லை, கோப்பும் இல்லை. திரும்பக் கேட்கத் தயங்கி, அதற்கு முன்பு வந்த ஓர் அறிக்கையாக இருக்கும் என்று நினைத்து அரை நாள் வேலை செய்தேன். அது வேறு அறிக்கை. வாரத்துக்கு இரண்டு மூன்று மெயில் இப்படி வருகிறது. கோப்பு உண்மையிலேயே வரவில்லையா, எனக்குத்தான் தெரியவில்லையா? என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நான் ஒரு நிறுவனத்தின் மெயில் சேவைப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். “அனுப்பிவிட்டேன்” என்பவருக்கும் “வரவில்லை” என்பவருக்கும் நடுவில் நின்று, நடந்தது என்ன என்று தேடுவதுதான் என் அன்றாடப் பிழைப்பு. பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதனால் முதலில் உங்கள் மேலாளர் பக்கம் உட்கார்ந்து இதைப் பார்ப்போம்.

அவர் அதை எழுதும்போது அறிக்கை அவர் திரையிலேயே திறந்திருந்திருக்கும். ஒரு பக்கம் அறிக்கை, இன்னொரு பக்கம் மெயில். ‘இது’ என்ற சொல்லில் உள்ள இகரத்தை இலக்கணம் அண்மைச்சுட்டு என்கிறது. சொல்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பதை அது காட்டும். கேட்பவருக்குப் பக்கத்தில் அது இருக்கிறதா என்பது அந்தச் சொல்லில் இல்லை. நேரில் பேசும்போது ‘இதை’ என்றதும் கையும் சேர்ந்து நீளும், நாம் கை போகும் திசையில் பார்ப்போம். மெயிலில் சொல் மட்டும் வந்து சேர்கிறது, கை வருவதில்லை. அனுப்பும் முன் அவர் ஒருமுறை படித்துப் பார்த்திருந்தாலும் குறை தெரிந்திருக்காது. வாக்கியம் முழுமையாக இருக்கிறது, அறிக்கையும் அவர் கண் முன்னால் இருக்கிறது. இல்லாததைக் கவனிக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

கோப்பை மறந்துவிட்டால் மெயில் மென்பொருள் எச்சரிக்காதா என்று கேட்கலாம். எச்சரிக்கும், ஆனால் அந்த வசதி சில குறிப்பிட்ட சொற்களைத்தான் தேடுகிறது. ‘attached’ மாதிரி ஒரு சொல் மெயிலில் இருந்து, கோப்பு இல்லாவிட்டால் “கோப்பைச் சேர்க்கவில்லையே” என்று கேட்கும். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் அந்தச் சொற்களின் பட்டியலையே திறந்து பார்க்கலாம், கூட்டிக் குறைக்கவும் செய்யலாம். ‘இதை’, ‘மேலே’ போன்ற சொற்களுக்கு இந்த எச்சரிக்கை வழக்கமாக வராது, பட்டியலில் நாமே சேர்த்தாலும் பயன் இருக்காது. அவை எல்லா மெயிலிலும் இருக்கிற சொற்கள். ஆக, சுட்டுச்சொல்லை மட்டும் நம்பி எழுதப்படும் மெயிலைத் தடுத்து நிறுத்த வழியில் யாருமே இல்லை.

‘மேலே’ என்ற சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெயிலுக்குப் பதில் எழுதும்போது பெரும்பாலான மென்பொருள்களில் புதிய பதில் உச்சியில் இருக்கும், பழைய மெயில் அதற்குக் கீழே போய்விடும். எழுதுகிறவர் மனதில் முன்பு வந்தது எல்லாம் ‘மேலே’. உங்கள் திரையிலோ அது கீழே, அதுவும் மூன்று புள்ளிகளுக்குள் மடிந்து கிடக்கிறது. உரையாடல் செயலிகளில் இன்னும் மோசம். அவர் எழுதி முடிப்பதற்குள் நடுவில் இரண்டு பேர் வேறு எதையோ போட்டுவிடுவார்கள், ‘மேலே’ என்பது வேறொன்றைச் சுட்டத் தொடங்கிவிடும்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உண்மையிலேயே வரவில்லையா, உங்களுக்குத் தெரியவில்லையா என்பதை இரண்டு மூன்று நிமிடத்தில் சொல்லிவிடலாம். மேலாளரிடம் கேட்பதற்கு முன்பு அந்த நேரத்தைச் செலவிடுங்கள்.

மெயிலின் அடிப்பகுதிக்குப் போய் அந்த மூன்று புள்ளிகளைத் தட்டி விரியுங்கள். பழைய மெயில் உள்ளே இருந்தால், ‘மேலே உள்ளது’ அநேகமாக அதுதான். அடுத்து தலைப்பைப் பாருங்கள். அது Re: என்று தொடங்கினால் ஒரு முக்கியமான தடயம் கிடைத்துவிட்டது. வேறொருவர் கோப்புடன் அனுப்பிய மெயிலுக்கு உங்கள் மேலாளர் ‘பதில்’ பொத்தானை அழுத்தி, பெறுநர் இடத்தில் உங்களைச் சேர்த்திருப்பார். பதில் அனுப்பும்போது மூல மெயிலின் எழுத்து கூடவே வரும், அதில் இருந்த கோப்பு வராது. Forward செய்தால்தான் கோப்பும் சேர்ந்து வரும். அவர் பெட்டியில் அதே தொடரில் கோப்பு பளிச்சென்று தெரியும், உங்களுக்கு மட்டும் இருக்காது. “நன்றாகப் பார், இருக்கிறது” என்று மேலாளர்கள் கோபப்படுவதில் பாதி இந்த இடத்தில்தான். அவர்கள் சொல்வதும் அவர்களைப் பொறுத்தவரை சரிதான்.

இவை எதுவும் இல்லையென்றால் மெயிலின் மூலத்தை, அதாவது திரையில் காட்டாமல் பின்னால் இருக்கும் அதன் முழு எழுத்து வடிவத்தை, திறந்துவிடுங்கள். ஜிமெயிலை உலாவியில் திறந்தால் மெயிலின் வலப்பக்க மூன்று புள்ளிகளுக்குள் Show original என்று இருக்கும். தண்டர்பேர்டில் மெயிலைத் திறந்து Ctrl+U. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நீங்கள் தேட வேண்டியது ஒன்றிரண்டு வரிதான். கோப்போடு வந்த மெயிலில் இப்படி இருக்கும்:

```
Content-Type: multipart/mixed; boundary="..."
Content-Disposition: attachment; filename="arikkai.docx"
```

கோப்பே சேர்க்காத மெயிலில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் இருக்கும்:

```
Content-Type: text/plain; charset="UTF-8"
Content-Type: multipart/alternative; boundary="..."
```

அந்த இரண்டாவது வரியைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. multipart என்றதும் பல பாகம், அப்படியானால் கோப்பு இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். alternative என்பது ஒரே எழுத்தை வெறும் உரையாக ஒன்றும் வண்ணம், தடிப்பு எல்லாம் வைத்து இன்னொன்றும் அனுப்புவது. இரண்டில் உங்கள் மென்பொருளால் காட்ட முடிந்ததை அது காட்டும். அங்கே கோப்பு எதுவும் இல்லை. மூலத்தில் attachment என்ற சொல்லைத் தேடுங்கள். கோப்புப் பெயரோடு இருந்தால், வந்திருக்கிறது, உங்கள் திரைதான் காட்டவில்லை. அந்தச் சொல்லும் இல்லை, application/ என்று தொடங்கும் பாகமும் இல்லை என்றால் உங்கள் பெட்டிக்கு அது வந்து சேரவில்லை.

application/ என்பதையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில சமயம் மூலத்தில் application/ms-tnef என்று ஒரு பாகம் இருக்கும், அல்லது திரையில் winmail.dat என்ற பெயரில் திறக்க முடியாத கோப்பு ஒன்று தெரியும். அனுப்பியவர் அவுட்லுக்கில் ரிச் டெக்ஸ்ட் வடிவத்தில் எழுதியிருக்கிறார், அந்த மென்பொருள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். கோப்பு அந்த மூட்டைக்குள்தான் இருக்கிறது, உங்கள் மென்பொருளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. HTML வடிவத்துக்கு மாற்றித் திரும்ப அனுப்பச் சொன்னால் சரியாகிவிடும். இதைச் சொல்லாமல் வெறுமனே “திரும்ப அனுப்புங்கள்” என்றால் திரும்பவும் அதே மூட்டைதான் வரும். இரண்டு பேர் மூன்று நாள் இப்படி அனுப்பிக்கொண்டே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

“கோப்பு ரொம்பப் பெரிதோ, அதனால்தான் வரவில்லையோ” என்று பலர் சொல்வார்கள். அளவுக்கு வரம்பு இருப்பது உண்மைதான். ஜிமெயிலில் அது 25 எம்.பி. மெயிலில் கோப்பு போகும்போது அதன் ஒவ்வொரு மூன்று பைட்டும் நான்கு எழுத்தாக மாற்றி எழுதப்படுகிறது. அதனால் 20 எம்.பி. கோப்பு வழியில் கிட்டத்தட்ட 27 எம்.பி. ஆகிவிடும். ஆனால் வரம்பு மீறினால் வழக்கமாக மெயில் மொத்தமுமே திரும்பிப் போகும், அல்லது கோப்புக்குப் பதிலாக ஒரு லிங்க் வரும். எழுத்து மட்டும் நல்லபடியாக வந்து, கோப்பு சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தால் அளவைச் சந்தேகிப்பது கடைசியில் இருக்கட்டும். வழியில் நின்று கோப்பைக் கழற்றுவது பெரும்பாலும் நிறுவனத்தின் பாதுகாப்பு வடிகட்டிதான். அதுவும் வழக்கமாக “கோப்பு நீக்கப்பட்டது” என்று ஒரு சிறு குறிப்பை விட்டுச் செல்லும்.

வடிகட்டி மெயிலையே திருத்தி எழுதி, சுவடே இல்லாமல் செய்துவிடுவதும் நடக்கும். அப்போது உங்கள் பக்கத்து மூலத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. அதற்குத்தான் எல்லோருக்கும் நான் சொல்லிக் கொடுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது: “உங்கள் ‘அனுப்பியவை’ பெட்டியில் இந்த மெயிலைத் திறந்து பாருங்கள், அதில் கோப்பு தெரிகிறதா?” அங்கே இருந்தால் வழியில் தொலைந்தது, மெயில் நிர்வாகியிடம் போகலாம். அங்கேயும் இல்லையென்றால் சேர்க்க மறந்திருக்கிறார், அடுத்த நிமிடமே அனுப்பிவிடுவார். யார்மேலும் பழி போடாத கேள்வி என்பதால் மேலாளரிடமும் தயங்காமல் கேட்கலாம்.

இப்போது என்ன கேட்பது என்பது. “கோப்பு வரவில்லை, அனுப்பவும்” என்ற ஒரு வரி போதாது. உங்கள் மேலாளர் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்.

அதில் ‘மேலே உள்ளது’ ஒன்று, ‘இதில் இருக்கும் அட்டவணை’ இன்னொன்று. இரண்டும் ஒரே பொருளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒருவேளை அறிக்கையின் எழுத்தை மெயிலுக்குள் ஒட்ட நினைத்து, அட்டவணை உள்ள எக்செல் கோப்பைத் தனியாகச் சேர்க்க நினைத்திருப்பார். அப்படியானால் காணாமல் போனது இரண்டு. ஒட்டுவதில் தவறு நடப்பது சுலபம். கணினியின் கிளிப்போர்டு வழக்கமாக ஒன்றைத்தான் வைத்திருக்கும். அறிக்கையை நகலெடுத்த பிறகு நடுவில் ஒரு தொலைபேசி எண்ணை நகலெடுத்தால் அறிக்கை போய்விடும். விண்டோஸில் நகல் வரலாற்றை முன்பே இயக்கி வைத்திருந்தால் Win+V அழுத்திப் பழையதை எடுக்கலாம், ஆனால் அந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது. எழுத்து மட்டும் ஏற்கும் பெட்டியில் படத்தை ஒட்டினாலும் பெரும்பாலும் எதுவும் விழாது, எச்சரிக்கையும் வராது. அட்டவணையை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு அடிக்கடி நடப்பது இது.

அதைவிட முக்கியமான ஒன்று ‘புதுப்பித்துவிடுங்கள்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. அட்டவணையைப் புதுப்பிக்கப் புதிய எண்கள் வேண்டும். அவை எங்கே? அவர் கோப்பைச் சரியாகச் சேர்த்திருந்தாலும் அதில் பழைய எண்கள்தான் இருந்திருக்கும். கோப்பு வந்ததும் மகிழ்ந்து உட்கார்ந்தால், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் கேட்க வேண்டியிருக்கும். மேலாளருக்கு எரிச்சல் வருவது அந்த இரண்டாவது கேள்வியில்தான். கோப்பு இல்லை என்று எழுதும் முதல் பதிலிலேயே, கோப்பு வந்த பிறகும் பாக்கி இருக்கப்போகும் கேள்வியைச் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

அதற்கு வினைச்சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுட்டுச்சொல் பொருளைத் தொலைத்திருந்தாலும் அந்தப் பொருள் எப்படிப்பட்டது என்பதை வினை சொல்லிவிடும். ‘சுருக்குங்கள்’ என்றால் முழு எழுத்து வேண்டும், திருத்தக்கூடிய கோப்பாக வேண்டும். பி.டி.எஃப்.பாக இருந்தால் வேலை இரட்டிப்பு. ‘புதுப்பியுங்கள்’ என்றால் பழையதும் வேண்டும், புதியதும் வேண்டும். ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்றால் கோப்போடு ஒரு கேள்வியும் வேண்டும், எதைப் பற்றிச் சொல்வது என்று. ‘இது வேலை செய்யவில்லை’ என்று வந்தால் என்ன செய்தபோது, திரையில் என்ன வரி வந்தது என்பது வேண்டும். ‘மேலே சொன்னபடி செய்யுங்கள்’ என்று வந்தால் அங்கே காணாமல் போனது ஒரு முடிவு. அது நீங்கள் இல்லாத கூட்டத்தில் வாய்வார்த்தையாக நடந்திருக்கும், எந்தக் கோப்பிலும் இருக்காது. அந்த இடத்தில் “கோப்பை அனுப்புங்கள்” என்று கேட்டால் அவருக்கே புரியாது.

‘நாளை மதியம்’ என்பதும் ஒரு சுட்டுதான், காலச் சுட்டு. அவர் இரவு பதினொன்றரைக்கு எழுதி நீங்கள் காலையில் படித்தால் எந்த நாளை? மெயில் கிளம்பிய தேதியைப் பார்த்து, பதிலில் கிழமையோடு எழுதிவிடுங்கள்.

இதெல்லாம் சேர்ந்தால் பதில் நீண்டுவிடும் என்று நினைக்காதீர்கள். நானாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்:

“வணக்கம். இன்று காலை 9.40-க்கு நீங்கள் அனுப்பிய மெயிலில் இரண்டு வாக்கியங்கள் மட்டும் வந்திருக்கின்றன. கோப்போ, ஒட்டிய எழுத்தோ எனக்கு வரவில்லை. உங்கள் ‘அனுப்பியவை’ பெட்டியில் தெரிகிறதா என்று பாருங்கள். எனக்கு வேண்டியவை: சுருக்க வேண்டிய அறிக்கையின் வேர்டு கோப்பு, அட்டவணை அதிலேயே இல்லையென்றால் அதன் கோப்பு, அட்டவணையில் சேர்க்க வேண்டிய புதிய எண்கள் அல்லது அவை யாரிடம் இருக்கின்றன என்ற விவரம். இன்று மாலை 4 மணிக்குள் கிடைத்தால் வியாழன் மதியம் தந்துவிடுவேன்.”

இதில் ஒரு சொல்லைக் கவனமாகத் தவிர்த்திருக்கிறேன், ‘இணைப்பு’. தமிழில் அது மெயிலோடு சேர்க்கும் கோப்பையும் குறிக்கிறது, தட்டினால் வேறு பக்கத்துக்குப் போகும் லிங்க்கையும் குறிக்கிறது. “இணைப்பு வரவில்லை” என்று நீங்கள் எழுத, அவர் லிங்க் ஒன்றை அனுப்ப, அது உங்களுக்குத் திறக்காமல் இன்னொரு சுற்று போகும். கோப்பு என்றால் கோப்பு, லிங்க் என்றால் லிங்க் என்றே எழுதுங்கள். எழுத்து நடையில் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

கோப்பு வந்த மாதிரி தோன்றி, உண்மையில் வராத இரண்டு வகையும் உண்டு. ஒன்று, மெயிலில் C:\Users என்று தொடங்கும் ஒரு நீளமான வரி. அது அவர் கணினியில் கோப்பு இருக்கும் இடத்தின் முகவரி, உங்களால் அங்கே போக முடியாது. இன்னொன்று, தட்டினால் அனுமதி கேட்கும் லிங்க். அவர் திறந்தால் திறக்கும், ஏனென்றால் கோப்பு அவருடையது. அப்போது ‘கோப்பு வரவில்லை’ என்று எழுதினால் அவருக்குக் குழப்பம்தான் வரும். “லிங்க் வந்தது, திறக்க எனக்கு அனுமதி இல்லை” என்று திரையில் தெரிந்ததை அப்படியே எழுதுங்கள். எந்த மெயில் முகவரிக்கு அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு அங்கேதான் தவறுகிறது.

அப்புறம், ஊகித்து வேலையைத் தொடங்கியது பற்றி. அதை முழுத்தவறு என்று சொல்ல மாட்டேன். பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாத நாட்கள் உண்டு. ஊகத்துக்குப் பொருந்துவது ஒன்றே ஒன்றுதான் என்றால், தவறானாலும் வீணாவது அரை மணி நேரம்தான் என்றால், தொடங்கலாம். ஆனால் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும்: “3-ஆம் தேதி வந்த காலாண்டு அறிக்கையைத்தான் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு முதல் பகுதியைத் தொடங்குகிறேன், வேறாக இருந்தால் சொல்லுங்கள்.” இந்த ஒரு வரியை நீங்கள் அனுப்பியிருந்தால், கூட்டத்தின் நடுவில் கைபேசியைப் பார்த்தபோதே அவர் “அது இல்லை” என்று இரண்டு சொல் தட்டியிருப்பார். அரை நாள் போயிருக்காது.

திரும்பப் பெற முடியாத வேலைகளில் மட்டும் ஊகமே கூடாது. என் வேலையின் ஆரம்ப வருடங்களில் ஒரு வாடிக்கையாளர், “இந்தப் பெட்டி இனி வேண்டாம், நீக்கிவிடுங்கள்” என்று எழுதினார். எந்தப் பெட்டி என்று இல்லை. அவருக்கு இருந்தது இரண்டு. ஒன்றில் மாதக்கணக்கில் யாரும் நுழையவே இல்லை, அதனால் அதுதான் என்று நீக்கினேன். அவர் சொன்னது மற்றதை. யாரும் நுழையாத பெட்டியில் பழைய ஒப்பந்தக் கடிதங்கள் எல்லாம் இருந்தன, தேவைப்படும்போது எடுக்க வைத்திருந்தார்கள். காப்பு நகலிலிருந்து திரும்பக் கொண்டுவர இரண்டு நாள் ஆயிற்று, அந்த இரண்டு நாளும் எனக்குத் தூக்கமில்லை. அழிப்பது, பணம் அனுப்புவது, வெளியாருக்கு அனுப்பி வைப்பது, அச்சுக்குக் கொடுப்பது ஆகிய நான்கிலும் ‘இது’ எது என்று எழுத்தில் வரும்வரை நான் இப்போது கை வைப்பதில்லை. ‘மேலே உள்ள கணக்குக்கு’ என்று பணம் பற்றி வந்து மேலே ஒன்றும் இல்லாவிட்டால், மெயிலில் பதில் கேட்காமல் நேரில் அல்லது உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள். “மன்னிக்கவும், சேர்க்க மறந்துவிட்டேன், இதோ” என்று அடுத்து வரும் மெயிலின் அனுப்புநர் முகவரியையும் ஓரெழுத்து விடாமல் பாருங்கள். முதல் மெயிலைக் காலியாக அனுப்பி, நாம் கேட்டதும் தீங்கான கோப்பை அனுப்புவது மோசடிக்காரர்களுக்குக் கைவந்த வழி. நாமே கேட்டு வாங்கிய கோப்பு என்பதால் சந்தேகம் வராது.

கடைசியாக, கோப்பு வந்ததும் ஒரு நிமிடம் ஒதுக்கி அதை உறுதிசெய்து எழுதுங்கள். ‘கிடைத்தது, நன்றி’ என்பதில் எந்தக் கோப்பு என்று இல்லை. கோப்பின் பெயர், பக்க எண்ணிக்கை, தலைப்பு வரி மூன்றையும் எழுதுங்கள்: “arikkai_3.docx கிடைத்தது, 14 பக்கம், ‘இரண்டாம் காலாண்டு விற்பனை’ என்று தொடங்குகிறது, அட்டவணை 9-ஆம் பக்கத்தில்.” அவர் கையில் இருப்பது 17 பக்கம் என்றால் உடனே சொல்லிவிடுவார். பழைய பதிப்பைத் தவறிச் சேர்த்திருந்தால் நீங்கள் வேலையில் இறங்கும் முன்பே தெரிந்துவிடும்.